ப்ரொஜெக்டர் போட்டால் 30%, நிறுத்தினால் 80%: பொய் சொல்வது பற்றரியா, டிஸ்பிளேயா?

கல்முனை_மாஸ்டர் | ஞாயிறு இரவு 9.40

கல்முனையில் சின்னதாக ஒரு ரியூஷன் நடத்துகிறேன். 2022இல் கரண்ட் வெட்டிப் பட்ட பாடு போதும் என்று பிறகு ஒரு இன்வேர்ட்டரும் 150 அம்பியர் மணி டியூபுலர் பற்றரி ஒன்றும் வாங்கினேன், 12 வோல்ட். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் கூரையில் ஒரு சோலார் பனலும் கொன்ட்ரோலரும் சேர்த்தேன்.

பிரச்சினை இதுதான். கரண்ட் போனால் நாலு சீலிங் ஃபேனும் ஆறு பல்பும் ஓடும், டிஸ்பிளேயில் 80% காட்டும். ப்ரொஜெக்டரைப் போட்ட ஒரு நிமிடத்தில் 30%க்கு விழும். நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் திரும்ப 75, 80 என்று ஏறி நிற்கும். சார்ஜ் எதுவும் போகவில்லை, இரவு நேரம். பற்றரி தன்னைத் தானே சார்ஜ் செய்கிறதா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். கடையில் கேட்டால் "பற்றரி முடிஞ்சுது, மாத்துங்க" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

காத்தான்குடி_காக்கா | ஞாயிறு இரவு 10.05

மாஸ்டர், அது டிஸ்பிளேயின் குணம். வோல்டேஜைப் பார்த்துத்தான் அது சதவீதம் சொல்கிறது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லோட் கூடினால் வோல்டேஜ் இறங்கும். என்னுடைய கடையில் நான் மீற்றரில் வருவதோடு 0.4 கூட்டித்தான் பார்ப்பேன், 11.8 என்றால் எனக்கு அது 12.2. பத்து வருடமாக இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பற்றரியை மாற்றாதீர்கள், அவர்கள் விற்பதற்குச் சொல்வார்கள்.

வாழைச்சேனை_போட் | ஞாயிறு இரவு 10.31

நான் காக்கா சொல்வதை ஏற்கமாட்டேன். போன மாதம் என் போட்டில் பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டியது, சாவியைத் திருப்பினால் 8க்கு விழுந்து எஞ்சின் சுற்றவே இல்லை. புதிதாகப் போட்டேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட். அதனால் லோடில் வருவதுதான் உண்மையான ரீடிங், சும்மா இருக்கும்போது வருவது வெறும் காட்சி. கடைக்காரர் சொன்னது சரி.

ஆரையம்பதி_வயர்மன் | திங்கள் காலை 6.15

தம்பி வாழைச்சேனை, நீங்கள் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். சாவியைத் திருப்பினால் 8க்கு விழுகிறது என்றால் அந்தப் பற்றரியால் ஒரே தரத்தில் பெரிய கரண்ட் தள்ள முடியவில்லை என்று அர்த்தம். அது பற்றரியின் உடம்பு எப்படி என்பதைச் சொல்லும். வயிற்றில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. மாஸ்டர் கேட்பது வயிற்றை.

மாஸ்டருக்கு: கணக்கைப் பாருங்கள். நாலு ஃபேன் 280 வாட், பல்ப் 60, ப்ரொஜெக்டர் ஒரு 250 என்று வைத்தால் 590 வாட். இன்வேர்ட்டர் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 58, 60 அம்பியர் போகும். ஃபேனும் பல்பும் மட்டும் என்றால் 33 அளவில். 33இலிருந்து 58க்குத் தாவும்போது வோல்டேஜ் இரண்டு இடத்தில் விழுகிறது. ஒன்று பற்றரிக்கு உள்ளே. இன்னொன்று பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் இடையில் உள்ள கேபிளிலும் மூட்டிலும். இன்வேர்ட்டர் பார்ப்பது தன்னுடைய வாசலில் வருகிற வோல்டேஜை, பற்றரியின் தலையில் இருப்பதை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் யாரும் பற்றரியைக் குற்றம் சொல்லக்கூடாது.

செய்ய வேண்டியது: எல்லாம் ஓடும்போது மல்டிமீற்றரை முதலில் பற்றரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். மறுகா இன்வேர்ட்டரின் போல்ட்டில். பிறகு பிளஸ் குமிழிலிருந்து இன்வேர்ட்டர் பிளஸ் வரை, மைனஸ் குமிழிலிருந்து இன்வேர்ட்டர் மைனஸ் வரை தனித்தனியாக. அம்பியர் பார்க்க டி.சி. படிக்கிற கிளாம்ப் மீற்றர் வேண்டும், வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிளாம்ப் இதைப் படிக்காது. எல்லாவற்றையும் கழற்றி ஒரு இரவு சும்மா விட்ட பிறகு காலையில் வரும் ரீடிங்கையும் எழுதுங்கள்.

வயல்காவல் | திங்கள் காலை 7.50

நான் அம்பாறைப் பக்கம் யானை வேலிக்குப் பற்றரி பார்க்கிறேன். எனக்கு வோல்டேஜ் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, காலையில் 12.3 என்றால் இரண்டு நாள் தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறேன், அப்படியே நடக்கிறது. ஆனால் பகலில் பார்த்தால் 13.6 காட்டி ஏமாற்றும். ஏன் எனக்கு மட்டும் சரியாக வருகிறது?

ஆரையம்பதி_வயர்மன் | திங்கள் காலை 8.20

உங்கள் எனர்ஜைசர் ஒரு செக்கனுக்கு ஒரு தட்டு தட்டுகிறது, சராசரியாகப் பார்த்தால் எடுக்கிற கரண்ட் ஒரு அம்பியர் கூட வராது. அவ்வளவு சின்ன லோடில் உள்ளே விழுகிற வோல்டேஜ் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் பார்க்கிற நேரமும் நல்ல நேரம், வெயில் பனலில் படுவதற்கு முன். 13.6 பனல் தள்ளுகிற வோல்டேஜ், அதை விட்டுவிடுங்கள். வெயில் போன பிறகும் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும், தகட்டின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சார்ஜ் அது. மாஸ்டரின் நிலைமை இதற்கு நேர் எதிர்.

கல்முனை_மாஸ்டர் | செவ்வாய் இரவு 8.55

அளந்தேன் அண்ணன். கிளாம்ப் மீற்றர் பக்கத்துக் கடையில் இரவல். நேற்றிரவு சார்ஜ் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி விட்டேன்.

காலையில் சும்மா: 12.50 வோல்ட். எல்லாம் ஓடும்போது 58 அம்பியர். பற்றரிக் குமிழில் 12.06. இன்வேர்ட்டர் போல்ட்டில் 11.68. பிளஸ் பக்கம் விழுவது 0.11. மைனஸ் பக்கம் 0.27. கேபிள் இரண்டும் 16 சதுர மில்லிமீற்றர், ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மீற்றர் அளவு.

நெற்றில் உள்ள சார்ட்டில் 12.5 என்றால் 80% என்று இருக்கிறது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் 80 தான் என்றால் பற்றரி பழுது என்றுதானே வருகிறது?

ஆரையம்பதி_வயர்மன் | செவ்வாய் இரவு 9.30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இரண்டு பக்கக் கேபிளும் ஒரே தடிப்பு, ஒரே நீளம். அப்படியென்றால் விழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளஸ்ஸில் 0.11, அது அந்தக் கேபிளுக்கு நியாயமான கணக்கு. மைனஸில் 0.27. கூடுதலாக உள்ள 0.16 கேபிளில் இல்லை, மூட்டில் இருக்கிறது.

```
12.06 V - 11.68 V = 0.38 V
0.38 V / 58 A = 0.0066 ohm
```

மில்லி ஓம் கணக்கில் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் 58 அம்பியர் போகும்போது அந்த மூட்டில் மட்டும் 9 வாட் சூடாகிறது. ப்ரொஜெக்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்திவிட்டு, மைனஸ் கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள். நம் பக்கம் கடற்காற்று, அதிலே பச்சை பூத்திருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். கழற்றி, சுடுதண்ணீரில் கழுவி, குமிழையும் கிளாம்பின் உட்பக்கத்தையும் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலால் வாஸ்லின் பூசுங்கள். மைனஸை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும்.

அந்தச் சார்ட்டைப் பற்றி. அது கார் பற்றரிக்குப் போட்ட சார்ட். கார் பற்றரியில் அசிட்டின் அடர்த்தி எண் முழுச் சார்ஜில் 1.27 அளவில் இருக்கும். இன்வேர்ட்டர் டியூபுலர் பலதிலும் முழுச் சார்ஜே 1.240 தான், சூடான நாட்டில் தகடு சீக்கிரம் அரிக்காமல் இருக்க அசிட்டை மெல்லியதாக விடுகிறார்கள். சும்மா இருக்கும் ஒரு செல்லின் வோல்டேஜ் ஏறத்தாழ அந்த எண்ணோடு 0.845 கூட்டியது. 1.240க்கு 2.085 வரும், ஆறு செல்லுக்கு 12.51. உங்களுடையது 12.50. ஹைட்ரோமீற்றரில் ஆறு செல்லும் 1.240 பக்கம் வந்தால் அது 80 அல்ல, முழுசு. இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பற்றரிக்குப் பாதி என்பது 12.1 அளவில் வரும்.

காத்தான்குடி_காக்கா | செவ்வாய் இரவு 9.48

பாருங்கள், குமிழில் 12.50க்கும் 12.06க்கும் வித்தியாசம் 0.44. நான் சொன்ன 0.4 தானே.

நிஷா_மட்டு | செவ்வாய் இரவு 10.20

காக்கா, இந்த ஒரு லோடுக்கு, இந்த ஒரு பற்றரிக்கு, நிறைந்திருக்கும்போது அது 0.4. உங்கள் கடையில் தினமும் அதே ஃபிரிஜ், அதே லைட் என்பதால் பத்து வருடம் ஓடியது. மாஸ்டருக்கு ஃபேன் மட்டும் ஓடும்போது அதில் பாதிதான் விழும், பற்றரி இறங்க இறங்க அதே லோடுக்கே கூட விழும். இன்னொன்று, லோடை நிறுத்திய உடனே வோல்டேஜ் பாதிதான் திரும்பும். தகட்டுக்குள் உள்ள அசிட் செலவாகி, வெளியே உள்ள நல்ல அசிட் மெல்ல மெல்ல உள்ளே ஊறி வர வேண்டும். அதுதான் மாஸ்டர் பார்த்த "தானாகச் சார்ஜ்". உண்மையான ரீடிங் வர சில மணித்தியாலம் சும்மா கிடக்க வேண்டும், கரண்ட் இல்லாத இரவில் யார் அப்படி விடுவார்கள்? அதனால்தான் போகிற வருகிற கரண்டை எண்ணுவதற்கு ஷண்ட் வைக்கிறார்கள்.

என்னுடையது லிதியம் இரும்பு பொஸ்பேட், அதில் வோல்டேஜ் பார்த்து ஒன்றும் சொல்லவே முடியாது.

வாழைச்சேனை_போட் | செவ்வாய் இரவு 10.34

லிதியத்தில் வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறது என்றுதானே எல்லோரும் வாங்குகிறார்கள். ஆடாமல் நின்றால் ரீடிங் இன்னும் சரியாகத்தானே வர வேண்டும்?

நிஷா_மட்டு | செவ்வாய் இரவு 10.52

ஆடாமல் நிற்பதுதான் கரைச்சலே. என்னுடைய நாலு செல் பற்றரி 70%இல் 13.3 அளவில் நிற்கும், 40%இலும் 13.2 பக்கம்தான். இடையில் இருப்பது 0.1 வோல்ட், ஒரு ஃபேனைப் போட்டு நிறுத்தினாலே அந்த அளவு ஆடும். கடைசியில் திடீரென்று கீழே போகும், அப்போது பார்த்துப் பயனில்லை.

ஷண்ட் என்பது ஒரு தடித்த உலோகத் துண்டு, மைனஸ் கேபிளின் நடுவில் பூட்டுவது. 100 அம்பியர் 75 மில்லிவோல்ட் என்று எழுதியிருந்தால், 100 அம்பியர் போகும்போது அதன் இரு முனைக்கும் இடையில் 75 மில்லிவோல்ட் விழும் என்று அர்த்தம். மாஸ்டரின் 58க்கு 43.5. கேபிளில் விழுவது கரைச்சல் என்று வயர்மன் அண்ணன் சொன்னாரே, அதையே அளந்து தெரிந்த கணக்கில் விழவைத்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். மீற்றர் அந்த மில்லிவோல்ட்டை அம்பியராக மாற்றி நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பற்றுவரவுக் கொப்பி மாதிரி.

மிகப் பெரிய ஷண்ட் வாங்காதீர்கள் மாஸ்டர். 500 அம்பியர் 50 மில்லிவோல்ட் ஷண்டில் உங்கள் இன்வேர்ட்டர் சும்மா விழித்திருக்கும்போது எடுக்கிற 0.8 அம்பியர் வெறும் 0.08 மில்லிவோல்ட். மலிவு மீற்றர் சில அதைப் பூச்சியம் என்று விட்டுவிடும். ஒரு நாளைக்கு 19 அம்பியர் மணி கொப்பியில் ஏறாமல் போகும்.

கல்முனை_மாஸ்டர் | அடுத்த திங்கள் இரவு 9.10

மைனஸ் கிளாம்பில் பச்சை மட்டுமா, உள்ளே வெள்ளைத் தூளும் இருந்தது. கழுவிய பிறகு அந்தப் பக்கமும் 0.11. இப்போது ப்ரொஜெக்டர் போட்டால் டிஸ்பிளே 50க்குத்தான் விழுகிறது. ஆறு செல்லும் 1.235, 1.240.

100 அம்பியர் ஷண்ட் மீற்றர் ஒன்றும் வாங்கி சனிக்கிழமை பூட்டினேன். முதலில் 100% என்று அமைத்தேன். இப்போது அது 12% என்கிறது! ஹைட்ரோமீற்றர் வைத்தால் முழுசு. இதுவுமா பொய் சொல்லும்?

நிஷா_மட்டு | திங்கள் இரவு 9.22

சோலார் கொன்ட்ரோலரின் மைனஸ் வயர் எங்கே போகிறது?

கல்முனை_மாஸ்டர் | திங்கள் இரவு 9.25

பற்றரிக் குமிழில். முன்பு இருந்த இடத்திலேயே.

நிஷா_மட்டு | திங்கள் இரவு 9.41

அதுதான். பனலிலிருந்து வருகிற கரண்ட் ஷண்ட் வழியாக வரவில்லை, பின்கதவால் உள்ளே போகிறது. மீற்றர் செலவை மட்டும் எழுதுகிறது, வரவை எழுதவில்லை. மைனஸ் குமிழில் ஷண்டுக்குப் போகும் ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். இன்வேர்ட்டர், கொன்ட்ரோலர், வேறு சின்ன லைட் எதுவாக இருந்தாலும் ஷண்டின் மற்றப் பக்கத்துக்கு வர வேண்டும். மீற்றருக்குப் பிளஸ்ஸிலிருந்து போகும் மெல்லிய வயருக்குக் குமிழ் அருகிலேயே ஒரு சின்ன ஃபியூஸ் போட்டிருக்கிறீர்கள்தானே?

வயரை மாற்றிய பிறகு செட்டிங்கில் இதைப் பாருங்கள்:

```
Charged voltage   14.2 V
Tail current      4 %
```

வோல்டேஜ் 14.2க்கு மேலே நின்று, உள்ளே போகும் கரண்ட் 6 அம்பியருக்குக் கீழே இறங்கினால் "நிறைந்துவிட்டது" என்று மீற்றர் கொப்பியைப் புதிதாகத் தொடங்கும். என்னுடையதில் முதலில் 13.2 என்று இருந்தது. மார்கழி மழையில் காலை பத்து மணிக்கு ஒரு முகில் வந்து மறைத்தால் கரண்ட் குறையும், வோல்டேஜ் 13.2க்கு மேலேயே நிற்கும், உடனே 100% என்று எழுதிவிடும். உங்கள் சார்ஜர் எந்த வோல்டேஜ் வரை ஏற்றுகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். 14.4 என்றால் 14.2.

ஆரையம்பதி_வயர்மன் | செவ்வாய் காலை 6.05

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கொப்பியில் முதல் வரியில் 150 என்று எழுதியது மாஸ்டர்தான், பற்றரி அல்ல. ஷண்ட் எண்ணுவது போக்குவரத்தை. பெட்டியின் அளவு என்ன என்று அதற்குத் தெரியாது. 150 என்பதும் 20 மணித்தியாலத்தில் 7.5 அம்பியராக எடுத்தால் வருகிற அளவு. 58 அம்பியராக எடுத்தால் புதுப் பற்றரியிலேயே 100 அளவில்தான் வரும். இரண்டு வருடப் பற்றரியில் எவ்வளவு என்று ஒரு தடவை முழுச் சார்ஜிலிருந்து இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கல்முனை_மாஸ்டர் | ஞாயிறு மாலை 5.30

இறக்கிப் பார்த்தேன். வயரை மாற்றி, இரண்டு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, இன்று வகுப்பு இல்லாத நேரம் பனலைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஓட விட்டேன். 58 அம்பியர். ஒரு மணி பத்து நிமிடத்தில் இன்வேர்ட்டர் கத்தி நின்றுவிட்டது. ஷண்ட் எண்ணியது 68 அம்பியர் மணி, பாரமான லோடுக்குக் கூடக் கழித்து சதவீதம் 31 மிச்சம் என்கிறது. நிற்கும்போது இன்வேர்ட்டர் வாசலில் 10.8.

காத்தான்குடி_காக்கா | ஞாயிறு மாலை 5.52

100 வர வேண்டிய இடத்தில் 68. அப்போ கடைக்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, விற்கிற விலைக்கு விற்றுவிட்டுப் புதிது போடுங்கள்.

ஆரையம்பதி_வயர்மன் | ஞாயிறு இரவு 7.15

அவசரப்படாதீர்கள் காக்கா. பற்றரி கொஞ்சம் மெலிந்திருப்பது உண்மை. ஆனால் ஆறு செல்லும் ஒரே மட்டத்துக்கு வர ஒரு நீளமான சமன் சார்ஜ் கொடுத்து, தண்ணீர் மட்டம் பார்த்து, இன்னொரு தடவை இறக்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். வருடக்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் ஓடிய பற்றரி முதல் தடவை எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

நிஷா_மட்டு | ஞாயிறு இரவு 7.40

10.8 என்பது இன்வேர்ட்டர் வாசலில். கேபிளில் விழும் 0.22ஐயும் ஷண்டில் விழும் 0.04ஐயும் சேர்த்தால் குமிழில் அப்போது 11.06. அதாவது உள்ளே இன்னும் கொஞ்சம் இருந்தது, இன்வேர்ட்டர் முந்தி நிறுத்திவிட்டது. எவ்வளவு இருந்தது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பாரமான லோடுக்கு மீற்றர் எவ்வளவு கூடக் கழிக்க வேண்டும் என்ற பியூக்கர்ட் எண்ணிலும் எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துவராது. அவர் 1.2 என்பார், டியூபுலருக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

ஆரையம்பதி_வயர்மன் | ஞாயிறு இரவு 7.58

போதும் போதாது என்பதை இரண்டு வேறு லோடில் இறக்கிப் பார்த்தால் அந்தப் பற்றரியே சொல்லும் தங்கச்சி. அடுத்த தடவை ப்ரொஜெக்டர் வேண்டாம், ஃபேனும் பல்பும் மட்டும், 33 அம்பியர். என் எண் சரியென்றால் புதுப் பற்றரியில் 111 வரும், உங்களுடையதில் 75 பக்கம். அதைவிட நன்றாகக் கூட வந்தால் நிஷா சொல்வது சரி.

கல்முனை_மாஸ்டர் | ஞாயிறு இரவு 8.20

சரி அண்ணன். அடுத்த போயாவுக்கு வகுப்பு இல்லை, அன்று செய்கிறேன். அதுவரை ப்ரொஜெக்டரை நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, டிஸ்பிளேயில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டேன், பிள்ளைகள் இனி ஷண்டைத்தான் பார்க்கிறார்கள்.

வயல்காவல் | ஞாயிறு இரவு 9.05

நானும் இன்று வேலிப் பற்றரியின் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை இல்லை, எறும்புக் கூடு.